ஒரு கல்குவாரியைத் தொடர்ந்து: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டின் படிகள்

கேள்வி: சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். தாக்க மதிப்பீட்டின் படிகளை ஸ்க்ரீனிங் முதல் கண்காணிப்பு வரை மனப்பாடமாகச் சொல்ல முடிகிறது. ஆனால் ஒரு படி அடுத்த படியை எப்படித் தீர்மானிக்கிறது என்பது புரியவில்லை. ஓர் எடுத்துக்காட்டோடு விளக்க முடியுமா?

பதில்:

பெரிய அணையையோ அனல் மின் நிலையத்தையோ எடுத்துக்கொண்டால் தாக்கங்கள் பலவாகக் கிளைத்து, படிகளுக்கு இடையிலுள்ள தொடர்பு கண்ணில் படாமல் போய்விடும். அதனால் தமிழ்நாட்டில் மிக அதிகமாகக் காணப்படும் சிறிய திட்டமான ஒரு கல்குவாரியை எடுத்துக்கொள்கிறேன். கொங்குப் பகுதியில் 2.8 ஹெக்டேர் பட்டா நிலத்தில் கருங்கல் வெட்டியெடுக்க ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் குவாரியும் அதற்கு நான் தரும் அளவுகளும் விளக்கத்திற்காக அமைத்தவை. சட்ட விதிகளும் தர வரம்புகளும் உண்மையானவை. இந்தியாவில் இந்த நடைமுறைக்கு அடிப்படை 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. அதற்கு முன் 1994 ஆம் ஆண்டின் அறிவிக்கை நடைமுறையில் இருந்தது.

முதல் படியான ஸ்க்ரீனிங், அதாவது சலித்தல், ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடுகிறது: இந்தத் திட்டத்திற்கு முழு ஆய்வு தேவையா, இல்லையா? அறிவிக்கை திட்டங்களை ஏ, பி என இரண்டாகப் பிரிக்கிறது. ஏ பிரிவு மத்திய அமைச்சகத்திற்குச் செல்லும்; பி பிரிவு மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்திற்குச் செல்லும். பி பிரிவுக்குள் பி1 என்றால் ஆய்வறிக்கையும் பொதுமக்கள் கருத்துக் கேட்பும் உண்டு. பி2 என்றால் ஆய்வறிக்கை தேவையில்லை. ஆகவே நம் குவாரி பி1 ஆகிறதா பி2 ஆகிறதா என்பதுதான், சுற்றியுள்ள மக்கள் அதைப் பற்றி வாய்திறக்க ஒரு நாள் கிடைக்குமா என்பதையே தீர்மானிக்கிறது.

2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், 5 ஹெக்டேருக்குக் குறைவான சிறுகனிமக் குத்தகைகளும் முன் அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. பெரிய பரப்பைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் குத்தகைக்கு விட்டால் ஒவ்வொரு துண்டும் சட்டத்தின் வரம்புக்குக் கீழே நழுவிவிடும் என்பதே அதன் பின்னணி. 2016 ஜனவரியில் வந்த திருத்தம் இதற்காகத் தொகுப்பு என்ற கருத்தைக் கொண்டுவந்தது: ஒரே வகைக் கனிமம் உள்ள பகுதியில், ஒரு குத்தகையின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் மற்றொரு குத்தகையின் எல்லை இருந்தால் அவற்றின் பரப்புகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அந்தக் கூட்டுப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் தனித்தனியே சிறியவையாக இருந்தாலும் ஆய்வறிக்கையும் கருத்துக் கேட்பும் வேண்டும் என்பதைத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2018 செப்டம்பரில் சதேந்திர பாண்டே வழக்கில் வலியுறுத்தியது.

இப்போது நம் குவாரிக்கு வருவோம். 320 மீட்டர் தொலைவில் 1.4 ஹெக்டேரில் ஒரு குவாரி இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 4.2 ஹெக்டேர், பி2 பிரிவிலேயே நிற்கிறது. வடக்கே 480 மீட்டரில் 1.9 ஹெக்டேரில் மூன்றாவது குவாரி ஒன்று உண்டு. அதையும் சேர்த்தால் 6.1 ஹெக்டேர் ஆகிவிடுகிறது. திட்டம் பி1 ஆகிறது. அந்த 480 மீட்டரை வரைபடத்தில் 510 என்று காட்டினால், அதற்குப் பிறகு வரவேண்டிய எல்லாப் படிகளும் இல்லாமல் போகின்றன. எல்லையிலிருந்து எல்லைக்கு அளக்காமல் ஒரு குவாரியின் நடுவிலிருந்து மற்றொன்றின் நடுவுக்கு அளந்தாலே இந்த 30 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஒரு விண்ணப்பத்தைப் படிக்கும்போது, எல்லைக் கற்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்துச் செயற்கைக்கோள் படத்தில் வைத்து நீங்களே அளந்து பாருங்கள். அரை மணி நேர வேலைதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2016 ஜூலையில் வந்த திருத்தத்தின்படி, மூன்று ஆண்டுகளுக்கு மேல் இயங்காத குத்தகைகளும், 2016 ஜனவரி 15க்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவையும் தொகுப்பின் பரப்பில் சேர்வதில்லை. ஆகவே சட்டக் கணக்கில் வராத குவாரியின் புழுதியும் அதே ஊரின் காற்றில்தான் கலந்திருக்கிறது என்பதை மதிப்பீடு செய்பவர் மறக்கக் கூடாது.

பி1 என்று முடிவான பிறகு ஸ்கோப்பிங் வருகிறது. இதை எல்லை வரையறை என்கிறோம். எதையெல்லாம் ஆராய வேண்டும், எவ்வளவு தூரத்திற்கு, எந்த முறையில் என்பதை மாநில நிபுணர் மதிப்பீட்டுக் குழு ஆய்வு வரம்பு ஆவணமாக எழுதித் தருகிறது. என் கருத்தில் எல்லாப் படிகளிலும் இதுவே மிக முக்கியமானது, மாணவர்கள் மிகக் குறைவாகப் படிப்பதும் இதைத்தான். காரணம் எளிது. இந்த ஆவணத்தில் இல்லாத ஒன்றை ஆலோசகர் அளக்கமாட்டார். அளக்காததை முன்கணிக்க முடியாது. முன்கணிக்காத தாக்கத்திற்குத் தணிப்பு நடவடிக்கை எழுதப்படாது. எழுதப்படாதது அனுமதியில் நிபந்தனையாக வராது. நிபந்தனை இல்லாததைக் கண்காணிக்க யாருக்கும் கடமை இல்லை. நீங்கள் கேட்ட தொடர்பு இதுதான்.

ஆய்வு வரம்பு ஆவணங்களில் பெரும்பகுதி எல்லாக் குவாரிகளுக்கும் பொதுவான பட்டியலாகவே இருக்கும். நம் இடத்திற்கு உரிய கேள்விகள் வேறு. குவாரியின் கிழக்கே 150 மீட்டரில் ஒரு தோட்டத்துச் சாளை இருக்கிறது. மண்சுவரும் ஓட்டுக் கூரையுமாக ஒரு குடும்பம் அங்கே வாழ்கிறது. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959 குடியிருப்பிடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் வெட்டத் தடை விதிக்கின்றன. ஆனால் குடியிருப்பிடம் என்பது வருவாய்ப் பதிவேட்டில் உள்ள ஊர் மனையையோ அனுமதி பெற்ற மனைப்பிரிவையோ குறிப்பதாக எடுத்துக்கொள்ளப்படுவதால், தோட்டத்துக்குள் தனியாக நிற்கும் சாளை அந்தத் தடையின் கணக்கில் வராமல் போய்விட வாய்ப்புண்டு. விதியின் கணக்கில் வரவில்லை என்பதால் வெடி அதிர்வு அந்தச் சுவரைத் தொடாமல் இருக்காது. அதனால் 500 மீட்டருக்குள் உள்ள எல்லாக் கட்டடங்களையும், பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனித்தனியே குறித்து அதிர்வை மதிப்பிட வேண்டும் என்ற ஒரு வரி இந்தக் கட்டத்திலேயே எழுதப்பட்டாக வேண்டும்.

அடுத்தது அடிப்படை நிலைத் தரவு. திட்டம் வருவதற்கு முன் காற்று, நீர், ஒலி, மண், உயிரினங்கள் எப்படி இருக்கின்றன என்பதன் பதிவு அது. வழக்கமாக மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதங்களில், இந்தத் தரவு சேகரிக்கப்படுகிறது. நாட்டின் பெரும்பகுதிக்கு மழைக்காலம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர் வரை. எனவே மார்ச் முதல் மே வரை காற்றை அளந்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுதுகிறார்கள். கொங்குப் பகுதியில் இது எவ்வளவு பொருந்தும் என்று யோசித்துப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேற்குக் காற்று ஆனி, ஆடி மாதங்களில் பலமாக வீசுகிறது. மழையோ மலைக்கு அப்பாலேயே பெரும்பாலும் பெய்துவிடுகிறது. காய்ந்த தரையும் பலத்த காற்றும் ஒன்றுசேரும் இந்த மாதங்களில்தான் கல் குவியலிலிருந்தும் வண்டிப் பாதையிலிருந்தும் புழுதி அதிகம் கிளம்பி, கிழக்கே இருக்கும் சாளையை நோக்கிச் செல்லும். அந்த மாதங்கள் தாளில் மழைக்காலம் என்று தள்ளப்படுகின்றன. மறுபுறம் இங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றில் பெய்கிறது. ஓடையில் நீர் வருவதும், குளம் நிறைவதும், கிணற்று நீர்மட்டம் ஏறுவதும் அப்போதுதான். மார்ச் மாதத்தில் போய்ப் பார்த்தவருக்கு ஓடை வெறும் மணல் தடமாகத் தெரியும். அறிக்கையில் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் பருவகால ஓடை எதுவும் இல்லை என்று எழுதிவிடுவார். அந்த ஓடைத் தடத்தில் கழிவு மண்ணைக் கொட்டினால் கார்த்திகையில் என்ன ஆகும் என்பதை அறிக்கை கேட்கவே கேட்காது.

தரவு நம்பத்தக்கதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரே நிலையத்தில் வாரத்திற்கு இரண்டு நாள் வீதம் மூன்று மாதங்களில் சுமார் 24 முறை காற்று மாதிரி எடுக்க வேண்டும். உண்மையான காற்று நாளுக்கு நாள் மாறும். மழை பெய்த மறுநாள் நுண்துகள் அளவு சட்டென்று குறையும், ஊர்த் திருவிழா நாளில் ஏறும். 24 எண்களும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று அலகுக்குள்ளேயே நின்றால், அல்லது மேற்கே இருக்கும் நிலையமும் கிழக்கே இருக்கும் நிலையமும் நாள்தோறும் ஒரே எண்களையே காட்டினால், களத்துக்குப் போனார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேறு மாவட்டத்து அறிக்கையிலிருந்து பறவைப் பட்டியல் அப்படியே ஒட்டப்பட்டிருப்பதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். சமவெளிக் குவாரியின் அறிக்கையில் சோலைக்காட்டுப் பறவை இருந்தால் வேறு சான்று தேவையில்லை.

தாக்கத்தை முன்கணிக்கும் படியில் ஒரே ஒரு தாக்கத்தை மட்டும் முழுமையாகக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். வெடி வைக்கும்போது தரையில் பரவும் அதிர்வை, துகளின் உச்ச வேகமாக, ஒரு வினாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கிறோம். பொதுவாகப் பயன்படும் சூத்திரம் இது:

PPV = K × (D / √Q)^(−b)

இதில் D என்பது வெடி வைக்கும் இடத்திலிருந்து கட்டடம் வரையிலான தொலைவு, மீட்டரில். Q என்பது ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தின் எடை, கிலோவில். ஒரு சுற்றில் மொத்தம் வைக்கும் மருந்து அல்ல. துளைகளை மில்லி வினாடி இடைவெளியில் அடுத்தடுத்து வெடிக்கச் செய்யும்போது ஒவ்வொரு இடைவெளியிலும் சேர்ந்து வெடிக்கும் பங்கு மட்டுமே Q. K, b இரண்டும் பாறையைப் பொறுத்தவை. சோதனை வெடிப்பு நடத்தாத நிலையில் சராசரிப் பாறைக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 1,140, 1.6 என்ற மதிப்புகளையே இங்கு வைத்துக்கொள்வோம்.

விண்ணப்பதாரர் ஒரு கணத்திற்கு 50 கிலோ மருந்து என்று திட்டமிடுகிறார். ஊர் நத்தம் 300 மீட்டரில் இருக்கிறது. அங்கே கணக்கிட்டால் வினாடிக்கு 2.8 மில்லிமீட்டர் வருகிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் பிறருக்குச் சொந்தமான வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவாக இருக்கும் நிலையில், 5 மில்லிமீட்டரை வரம்பாக வைத்திருக்கிறது. எனவே அறிக்கையில் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் 150 மீட்டரில் இருக்கும் சாளைக்கு அதே கணக்கைப் போட்டால் 8.6 மில்லிமீட்டர் வருகிறது. வரம்பை நன்றாகத் தாண்டிவிட்டது. எல்லை வரையறையில் சாளை குறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இந்த இரண்டாவது கணக்கு போடப்பட்டிருக்கும்.

தணிப்பு நடவடிக்கை என்பது இந்தக் கணக்கைத் திருப்பிப் போடுவதுதான். 150 மீட்டரில் 5 மில்லிமீட்டரைத் தாண்டாதிருக்க Q எவ்வளவு இருக்கலாம்? சூத்திரத்தைத் திருப்பினால் சுமார் 25 கிலோ. ஆகவே சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில், கட்டுப்படுத்தப்பட்ட முறையில் வெடி வைக்கப்படும் என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதற்குப் பதிலாக, ஒரு கணத்தில் வெடிக்கும் மருந்து 25 கிலோவைத் தாண்டாது, சாளையின் வாசலில் ஒவ்வொரு வெடிப்பின்போதும் அதிர்வுமானி வைக்கப்படும், வேலை தொடங்குமுன் சாளையின் சுவர் விரிசல்கள் படம் பிடித்துப் பதிவு செய்யப்படும் என்று எழுத வேண்டும். முதல் வகை வாக்கியத்தை யாரும் மீறவே முடியாது, ஏனென்றால் அதில் மீறுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டாவது வகையை ஒரு பள்ளி மாணவரும் சரிபார்க்கலாம். புழுதிக்கும் கிணற்று நீருக்கும் இதே முறையில்தான் எழுத வேண்டும். அவற்றை இங்கே விரிக்கவில்லை.

வரைவு அறிக்கை தயாரானதும் பொதுமக்கள் கருத்துக் கேட்பு. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதை ஏற்பாடு செய்கிறது. மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதி தலைமை ஏற்கிறார். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு நாளிதழ்களில் வர வேண்டும். எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைந்தபட்ச எண்ணிக்கை கிடையாது. முழுவதும் ஒளிப்பதிவு செய்யப்பட வேண்டும். முடிவில் எழுப்பப்பட்ட கருத்துகளின் தொகுப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இது வாக்கெடுப்பு அல்ல. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் அதிகம் என்பதால் திட்டம் தானாக நிராகரிக்கப்படுவதில்லை. ஆனால் எழுப்பப்பட்ட ஒவ்வொரு பொருட்படுத்தத்தக்க கவலைக்கும் இறுதி அறிக்கையில் பதில் இருந்தாக வேண்டும்.

நடைமுறைச் சிக்கல் என்னவென்றால், முழு அறிக்கை பல நூறு பக்கங்களில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் கிடைப்பது சில பக்கச் சுருக்கம். அதில் 8.6 என்ற எண் இருக்காது. ஆனால் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, “ஆடி மாசத்துல காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு இவங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்பார். அது உணர்ச்சிப் பேச்சு அல்ல, மதிப்பீட்டின் பருவத் தேர்வில் இருக்கும் ஓட்டையை நேராகச் சுட்டும் அறிவியல் கேள்வி. பதில் அட்டவணையில் அதற்கு எதிரே தண்ணீர் தெளிக்கப்படும் என்று மட்டும் எழுதியிருந்தால் கேள்வி புரியவில்லை என்று பொருள். சரியான பதில், ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காற்றுத் தரவை வைத்துப் புழுதிப் பரவலை மறுபடி கணக்கிடுவதுதான். கருத்துக் கேட்புக் குறிப்பையும் இறுதி அறிக்கையையும் அருகருகே வைத்து, வரைவிலிருந்து எந்த எண்ணாவது மாறியிருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தப் படி வெறும் சடங்காக நடந்திருக்கிறது.

மதிப்பாய்வு என்ற அடுத்த படியைச் சுருக்கமாகச் சொல்லலாம். இறுதி அறிக்கையும் கருத்துக் கேட்புக் குறிப்பும் கிடைத்த 60 நாட்களுக்குள் நிபுணர் குழு ஆராய்ந்து பரிந்துரை செய்ய வேண்டும். அதன்பின் 45 நாட்களுக்குள் ஆணையம் முடிவை அறிவிக்க வேண்டும் என்கிறது அறிவிக்கை. ஒரே அமர்வில் பல திட்டங்கள் குழுவின் முன் வருவதால் நம் குவாரிக்குக் கிடைப்பது சில நிமிடங்களாகவும் இருக்கலாம். எனவேதான் முன்படிகளில் விடுபட்டது இங்கே பிடிபடும் என்று எதிர்பார்க்க முடியாது. அனுமதியை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் வரை தீர்ப்பாயம் ஏற்கலாம். அதைத் தாண்டினால் வழியில்லை; ஊரில் செய்தி தெரியவரும்போது நாள் கடந்திருப்பது பலமுறை நடக்கிறது.

கடைசிப் படி கண்காணிப்பு. அனுமதி பெற்றவர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாட்களில் நிபந்தனைகளை எப்படி நிறைவேற்றினார் என்ற அரையாண்டு அறிக்கை தர வேண்டும். இதைப் பலர் விதி மீறலைப் பிடிக்கும் வேலையாக மட்டும் பார்க்கிறார்கள். அது பாதிதான். முன்கணிப்பு சரியாக இருந்ததா என்று சோதிப்பதே கண்காணிப்பின் அறிவியல் பொருள். அதற்கு, அடிப்படைத் தரவு எடுத்த அதே இடத்தில், அதே மாதத்தில், அதே முறையில் அளக்க வேண்டும். முதலில் சாளையின் அருகே இருந்த காற்று நிலையம், குவாரி இயங்கத் தொடங்கிய பின் மேற்கே அலுவலகக் கொட்டகைக்கு நகர்ந்திருந்தால், எண்கள் அழகாக இருக்கும். ஆனால் ஒப்பிட எதுவும் இருக்காது. நிலையங்களின் அட்சரேகை எண்களை முதல் அறிக்கையோடு ஒப்பிடுவது நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை.

நம் குவாரியில் நிபந்தனைப்படி 25 கிலோவுடன் வெடி வைத்தார்கள் என்று கொள்வோம். சாளை வாசலில் அதிர்வுமானி 5 காட்ட வேண்டும். ஆனால் பல வெடிப்புகளில் தொடர்ந்து 7 மில்லிமீட்டர் வருகிறது. நிபந்தனை மீறப்படவில்லை, வெடிமருந்துப் பதிவேடும் சரியாகவே இருக்கிறது. தவறு எங்கே? நாம் ஊகித்த K இந்தப் பாறைக்குப் பொருந்தவில்லை. b மாறவில்லை என்று வைத்துக்கொண்டு, அளந்த 7 என்ற மதிப்பைச் சூத்திரத்தில் போட்டால் K ஏறத்தாழ 1,600 என்று கிடைக்கிறது. அந்த மதிப்போடு மறுபடி திருப்பிக் கணக்கிட்டால், 5 மில்லிமீட்டருக்குள் நிற்க ஒரு கணத்திற்கு 16 கிலோவே வைக்கலாம். களத்தில் பல தொலைவுகளில் அளந்த எண்கள் சேர்ந்தபின் K, b இரண்டையும் மடக்கை வரைபடத்தில் பொருத்தி, 95 விழுக்காடு அளவீடுகளை உள்ளடக்கும் மேல்கோட்டைக் கொண்டு இன்னும் நம்பகமாகச் சொல்லலாம்.

இப்போது அரையாண்டு அறிக்கையில் இரண்டு விதமாக எழுத முடியும். நிபந்தனை எண்ணுக்கு எதிரே, 25 கிலோவுக்குள்ளேயே பயன்படுத்தப்பட்டது, நிறைவேற்றப்பட்டது என்று எழுதலாம். அது பொய்யும் அல்ல. அல்லது அளந்த 7 என்ற எண்ணையும் புதிய கணக்கையும் இணைத்து, வரம்பை 16 கிலோவாகக் குறைக்க நிபந்தனையைத் திருத்தும்படி ஆணையத்திடம் கேட்கலாம். அந்த இரண்டாவது வகை அறிக்கை போய்ச் சேர்ந்தால்தான் அதே மலைத்தொடரில் அடுத்து வரும் குவாரியின் எல்லை வரையறையில் 1,140க்குப் பதிலாக அந்த இடத்திலேயே அளந்த K இடம்பெறும்.